தன்வரலாற்று அத்தியாயம் ஒன்றை ஆங்கிலமாக்குவது எப்படி?

தமிழ்த் தன்வரலாறு ஒன்றை ஆங்கிலமாக்க உட்காரும் புதியவர்கள் முதலில் கவலைப்படுவது சொற்களைப் பற்றித்தான். திண்ணைக்கு என்ன போடுவது, அத்தைக்கு என்ன போடுவது என்று அகராதியைப் புரட்டுவார்கள். ஆனால் ஆங்கில வாசகர் வழி தவறுவது பெரும்பாலும் வினைமுற்றுகளில். இது எப்போது நடந்தது, எழுதியவர் கண்ணால் கண்டதா, யாரோ சொல்லிக் கேட்டதா, ஒரே தடவை நடந்ததா, வருஷா வருஷம் நடந்ததா என்பதெல்லாம் குழம்பிவிட்டால், திண்ணையை எவ்வளவு அழகாகப் பெயர்த்தாலும் பயனில்லை. அதனால் முதலில் காலத்தைக் கட்டிவிட்டு, சொற்களுக்கு அப்புறம் வருவது நல்லது. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்குமுன் உரிமை பற்றி இரண்டு வரி. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். மொழிபெயர்க்கும் உரிமையும் அதில் அடக்கம். ஆகவே வெளியிடும் எண்ணம் இருந்தால், எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பழகிப் பார்க்க மட்டும் ஒரு நூல் வேண்டுமென்றால், 1942-இல் காலமான உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இருக்கிறது, 1953-இல் காலமான திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ இருக்கிறது. இரண்டுக்கும் அந்த 60 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இனி வேலைக்கு வருவோம். இந்தக் கட்டுரைக்காகவே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் வளர்ந்த ஒருவர் எழுதிய அத்தியாயத்தின் முதல் பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> ஆடிக் கொடைக்கு முந்தின வாரம் அத்தை வந்து இறங்கினாள். பஸ்ஸிலிருந்து அவள் இறங்குவது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் முருங்கைக்காய்க் கட்டு. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. அவர்கள் பேசிக்கொள்வதில்லை. தாத்தா செத்த வருஷம் தோட்டத்தைப் பிரித்தபோது வந்த சண்டை. அன்றைக்கு அத்தை மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். அம்மாதான் சொல்லுவாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கொடைக்கும் வருவாள், அம்மாவிடம் மட்டும் பேசுவாள், பொங்கல் வைப்பாள், போய்விடுவாள். அந்த வருஷம் அப்படிப் போகவில்லை.

தமிழில் படிக்கும்போது இதில் எங்கேயும் தடங்கல் இல்லை. ஆனால் இதற்குள் நான்கு காலங்கள் இருக்கின்றன.

முதல் படி: காலங்களுக்கு எண் போடுங்கள்

அத்தியாயத்தை நகலெடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வினைமுற்றின் மேலும் பென்சிலால் ஒரு எண் எழுதுங்கள். எழுத்தாளர் உட்கார்ந்து எழுதும் இன்றைய காலம் 1. அத்தியாயம் சொல்லவந்த முதன்மைக் காட்சி 2. அதற்கு முன்னால் நடந்து, நினைவாக இடையில் வருவது 3. ஒரு தடவையாக இல்லாமல் வழக்கமாக நடந்துகொண்டிருந்தது 4. நினைவுக்குள் இன்னொரு நினைவு வந்தால் 5 என்று நீட்டிக்கொள்ளலாம்.

நம் பத்தியில் ‘இறங்கினாள்’ 2. ‘கண்ணில் நிற்கிறது’ 1. ‘உட்கார்ந்திருக்கிறார்’ மறுபடி 2. ‘பேசிக்கொள்வதில்லை’ 4. சண்டை, மண்ணை வாரித் தூற்றியது, தொட்டிலில் கிடந்தது எல்லாம் 3. ‘சொல்லுவாள்’ தொடங்கி ‘போய்விடுவாள்’ வரை 4. கடைசி வாக்கியம் திரும்பவும் 2.

எண்களை எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். வினையின் வடிவமும் அது குறிக்கும் காலமும் ஒத்துப்போகவில்லை. 2 என்று எண்ணிட்ட வினைகளில் ஒன்று இறந்தகாலத்தில் இருக்கிறது, இன்னொன்று நிகழ்காலத்தில் இருக்கிறது. 4 என்று எண்ணிட்டவற்றில் ‘பேசிக்கொள்வதில்லை’ தவிர மற்றவை எதிர்கால வடிவில் இருக்கின்றன, ஆனால் எல்லாமே நடந்து முடிந்தவை. ‘எழுந்திருக்கவில்லை’, ‘போகவில்லை’ போன்ற எதிர்மறைகளில் காலமே கிடையாது. ‘நேற்று போகவில்லை’ என்றும் சொல்கிறோம், ‘இப்போது போகவில்லை’ என்றும் சொல்கிறோம். வடிவத்தைப் பார்த்து மொழிபெயர்த்தால் ஒரே பத்தியில் ஆங்கிலம் மூன்று திசையில் ஓடும். எண்ணைப் பார்த்து மொழிபெயர்த்தால் அது நடக்காது.

இந்த எண்களோடு, தனித் தாளில் ஒரு கால வரிசையும் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா இறந்த வருஷம், சண்டை, எழுத்தாளர் பிறந்தது, அத்தை வந்துபோன வருஷங்கள், இந்தக் கொடை. தொட்டிலில் கிடந்த குழந்தை இந்தக் காட்சியில் எத்தனை வயது? பத்தி சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏன் என்பது கொஞ்சம் பின்னால் வரும்.

இரண்டாம் படி: அடிக்காலத்தை முடிவு செய்யுங்கள்

எண் 2-க்கு ஆங்கிலத்தில் எந்தக் காலம் என்பது நீங்கள் எடுக்கப்போகும் பெரிய முடிவு. மற்ற எண்களுக்கான விடை எல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும். அதை அடிக்காலம் என்று சொல்லிக்கொள்வோம்.

அடிக்காலம் இறந்தகாலம் என்றால், அதற்கும் முந்தியதைக் காட்ட ஆங்கிலத்துக்கு ‘ஹேட்’ தேவைப்படும். அடிக்காலம் நிகழ்காலம் என்றால், முந்தியதைச் சாதாரண இறந்தகாலத்திலேயே சொல்லிவிடலாம், ‘ஹேட்’ வேண்டியதில்லை. நிகழ்காலம் சுலபம்போலத் தெரிவதால் புதியவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். நான் அதைப் பெரும்பாலும் தவிர்ப்பேன். தன்வரலாற்றில் எழுதுபவரின் இன்றைய குரல் அடிக்கடி உள்ளே வரும். காட்சியும் நிகழ்காலம், இன்றைய குரலும் நிகழ்காலம் என்றால், ஒன்பது வயதுப் பிள்ளை நினைப்பது எது, அறுபது வயதுக்காரர் நினைப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

சரி, அப்படியானால் ‘அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்’ என்பதை என்ன செய்வது? தமிழில் இது இயல்பான வழக்கம். பழைய காட்சி கண்முன் வரும்போது வினை நிகழ்காலத்துக்கு நழுவும், ஒரு அறிவிப்பும் இல்லாமல் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் தனியாக ஒரு வாக்கியம் இப்படி நழுவினால் வாசகர் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்வார். நழுவலுக்கு அங்கே ஒரு வாசல் வேண்டும்.

நம் பத்தியில் அந்த வாசலை எழுத்தாளரே வைத்திருக்கிறார். ‘இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது’ என்பதுதான் அது. ‘ஐ கேன் ஸ்டில் சீ ஹர்’ என்று அதை ஆங்கிலத்தில் போட்டுவிட்டால், அடுத்து வரும் இரண்டு வாக்கியங்கள் நிகழ்காலத்தில் இருக்கலாம். வாசகர் ஒரு படத்தைப் பார்க்கிறார் என்று அவருக்கே தெரியும். அப்பா உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. இரண்டும் நிகழ்காலம். அதோடு பத்தியை முடித்துவிடுங்கள். தமிழில் ஒரே பத்திதான், ஆனாலும் ஆங்கிலத்தில் இங்கே ஒரு பத்தி முறிவு தேவை. அடுத்த பத்தி இறந்தகாலத்துக்குத் திரும்பியது என்பதை அந்த வெற்றிடம் சொல்லிவிடும்.

வாசல் இல்லாத இடத்தில், நழுவல் ஓரிரு வாக்கியம்தான் நீடிக்கிறது என்றால் தயங்காமல் இறந்தகாலமாக்குங்கள். நெருக்கம் போய்விடுமே என்றால், வாக்கியங்களின் நீளத்தில் அதைக் காப்பாற்றலாம். தமிழில் ‘எழுந்திருக்கவில்லை’ என்று ஒற்றைச் சொல் வாக்கியமாக நிற்கிறது. அதை முந்தின வாக்கியத்தோடு ‘ஆனால்’ போட்டு ஒட்டிவிடாதீர்கள். குட்டி வாக்கியமாகவே விடுங்கள். அந்தக் கோபம் முழுக்க அதன் சுருக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று பக்கம் முழுக்க நிகழ்காலத்திலேயே ஒரு காட்சி ஓடினால், அது நழுவல் இல்லை, எழுத்தாளரின் தேர்வு. அதை அப்படியே வைத்து, முன்னும் பின்னும் ஒரு வரி இடம் விடுங்கள்.

மூன்றாம் படி: நினைவுக்குள் போகும் கதவும் திரும்பும் கதவும்

‘அவர்கள் பேசிக்கொள்வதில்லை’ என்பதில்தான் நினைவு தொடங்குகிறது. அடிக்காலம் இறந்தகாலம் என்று முடிவு செய்துவிட்டதால், இங்கே ‘ஹேட் நாட் ஸ்போக்கன்’ என்று வரும். புதியவர்கள் செய்யும் தவறு இதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. ஒரு தடவை ‘ஹேட்’ போட்டாயிற்று, நினைவு முடியும்வரை எல்லா வினைக்கும் போட வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். சண்டை வந்தது, வாரினாள், தூற்றினாள், போனாள், கிடந்தேன் என்று ஐந்து ‘ஹேட்’ வரிசையாக வந்தால் வாக்கியம் நொண்டும். முதல் ஒன்றிரண்டு வினைக்குப் போட்டால் போதும். வாசகர் உள்ளே வந்துவிட்டார். மீதியைச் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லுங்கள்.

ஆனால் அப்படிச் செய்யும்போது நினைவும் முதன்மைக் காட்சியும் ஒரே வினை வடிவில் இருக்கும். எங்கே வெளியே வந்தோம் என்பது தெரியாமல் போகும் ஆபத்து அங்கேதான். நம் பத்தியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ‘அந்த வருஷம் அப்படிப் போகவில்லை.’ இதை ‘தட் இயர்’ என்று தொடங்கினால் என்ன ஆகும்? ஆங்கில வாசகர் கடைசியாகக் கேட்ட வருஷம் தாத்தா செத்த வருஷம். அவர் அங்கே போய்விடுவார். தமிழில் ‘அன்றைக்கு’ சண்டை நடந்த நாளைச் சுட்டுகிறது, ‘அந்த வருஷம்’ கொடை வருஷத்தைச் சுட்டுகிறது, நமக்கு இரண்டும் சிக்கலில்லாமல் புரிகிறது. ஆங்கிலத்தில் திரும்பும் கதவுக்குப் பெயர் எழுத வேண்டும்.

எழுத்தாளரின் வயது தெரிய வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான். அவரிடம் கேட்டு, ‘எனக்கு ஒன்பது வயதான வருஷம்’ என்று அவர் சொன்னால், அவர் சம்மதத்தோடு அதைப் போடலாம். கேட்க வழியில்லை என்றால், பத்திக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருளைப் பிடித்துத் திரும்புங்கள். முருங்கைக்காய்க் கட்டோடு வந்த வருஷம் என்று சொன்னால் யாரும் வழி தவறமாட்டார்கள். இல்லாத தகவல் எதையும் நீங்கள் சேர்க்கவில்லை.

வருவாள், பேசுவாள், வைப்பாள்

வழக்கமாக நடந்ததைத் தமிழ் எதிர்கால வடிவில் சொல்லும். ஆங்கிலத்தில் இதற்கு நேராக உட்காருவது ‘வுட்’. அதற்கு மூன்று எச்சரிக்கை உண்டு.

‘வுட்’ வருமுன் காலக் குறிப்பு ஒன்று வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘இப்படி ஆகியிருந்தால் வந்திருப்பாள்’ என்கிற நிபந்தனைப் பொருள் தட்டும். இங்கே ‘ஒவ்வொரு கொடைக்கும்’ இருப்பதால் பிரச்சினை இல்லை, ஆனால் அதை ‘வுட்’டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்து, ‘வுட்’ செயல்களுக்குப் பொருந்தும், நிலைகளுக்குப் பொருந்தாது. ‘அத்தை வீட்டில் இரண்டு மாடு இருக்கும்’ என்று எழுத்தாளர் பழையதைச் சொன்னால், அங்கே ‘யூஸ்ட் டு’ போட வேண்டும், அல்லது சாதாரண இறந்தகாலம் போதும். கடைசியாக, தமிழில் வாள், வாள், பாள், வாள் என்று நான்கு தடவை வந்தால் ஒரு தாளம் கிடைக்கிறது. நான்கு ‘வுட்’ வந்தால் அந்தத் தாளம் கிடைப்பதில்லை. ஒரே ‘வுட்’டை முதலில் போட்டு, மற்ற மூன்று வினைகளையும் அதன்கீழே கோத்துவிடுங்கள். வருவதும் பேசுவதும் வைப்பதும் போவதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வந்தால், வருஷா வருஷம் ஒரே மாதிரி நடந்த சடங்கு அது என்பது தானாகத் தெரியும்.

போனாளாம்: இந்த ‘ஆம்’ முக்கியம்

‘தூற்றிவிட்டுப் போனாளாம்’ என்பதன் கடைசி இரண்டெழுத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாவலில் விட்டால் சின்ன இழப்பு. தன்வரலாற்றில் அது உண்மையையே மாற்றிவிடும். எழுத்தாளர் அதைப் பார்க்கவில்லை, தொட்டிலில் கிடந்தார். சொன்னது அம்மா, அவள் சண்டையில் ஒரு பக்கத்துக்காரி. அத்தைக்கும் ஒரு பக்கம் இருக்கும். ‘ஆம்’ போனால், எழுத்தாளர் தன் அத்தைமேல் நேரடியாக ஒரு சாட்சி சொன்னதாக ஆகிவிடும். அத்தையின் பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் படிக்கலாம்.

இதற்கு ‘அப்பேரன்ட்லி’ போடாதீர்கள். அது சந்தேகத்தைக் கொண்டுவரும், இங்கே எழுத்தாளர் சந்தேகப்படவில்லை. அம்மா சொன்னாள் என்பதை அந்த வாக்கியத்தோடேயே இணைத்துவிடுவது நல்லது. தமிழில் ‘அம்மாதான் சொல்லுவாள்’ இரண்டு வாக்கியம் தள்ளி வருகிறது. ஆங்கிலத்தில் அதை முன்னால் கொண்டுவந்து, ‘அம்மா அடிக்கடி சொல்லும் கதைப்படி’ என்ற பொருளில் தொடங்கினால், பின்னால் வரும் எல்லாம் கேட்டது என்று ஆகிவிடும். ‘தான்’ ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். அப்பா சொல்லவில்லை என்பது அதற்குள் இருக்கிறது. ‘இட் வாஸ் மை மதர் ஹூ’ என்று தொடங்கும் அமைப்பு அதை ஓரளவு பிடிக்கும்.

பக்கம் முழுக்க ‘ஆம்’ வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் குறிப்பு வைக்க முடியாது. தொடக்கத்தில் ஒன்று, பிறகு கண்டதும் கேட்டதும் மாறும் இடங்களில் ஒவ்வொன்று, அவ்வளவு போதும்.

இப்போது சொற்கள்

ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாதவற்றைப் பட்டியல் போடுங்கள். ஆடி, கொடை, அத்தை, தூக்குவாளி, முருங்கைக்காய், திண்ணை, தோட்டம், மண்ணை வாரித் தூற்றுவது, பொங்கல். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: கதை இந்தச் சொல்லின்மேல் நிற்கிறதா?

தூக்குவாளியின்மேல் நிற்கவில்லை. மூடியும் கைப்பிடியும் உள்ள பாத்திரம் என்று புரிந்தால் சரி. சாதாரண ஆங்கிலச் சொல் ஒன்றை வைத்துவிட்டு நகருங்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே விட்டால் வாசகர் களைத்துப்போய், முக்கியமான சொல்லையும் சேர்த்துத் தாண்டிவிடுவார்.

அத்தையின்மேல் கதை நிற்கிறது. ‘ஆன்ட்’ என்றால் அம்மாவின் தங்கையும் அதுதான், மாமாவின் மனைவியும் அதுதான். இது உடன்பிறந்தவனுக்கும் உடன்பிறந்தவளுக்கும் நடக்கும் சொத்துச் சண்டை. அப்பாவின் கூடப்பிறந்தவள் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்தாக வேண்டும். முதல் தடவை ‘அத்தை, என் அப்பாவின் சகோதரி’ என்று வாக்கியத்துக்குள் இழைத்து எழுதி, அப்புறம் முழுக்க ‘அத்தை’ என்றே விடலாம். ஆங்கிலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு பெயர்போல ஆகிவிடும். அக்காவா தங்கையா என்று எழுத்தாளர் சொல்லவில்லை என்றால் நீங்களும் சொல்லாதீர்கள்.

கொடை சிக்கலானது. தென்மாவட்டங்களில் அம்மன், சுடலைமாடன் போன்ற ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கோயில் விழா அது. வெறும் ‘ஃபெஸ்டிவல்’ என்றால் ஊர் மறைந்துவிடும். சொல்லை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரோமன் எழுத்தில் கொடையும் கோடையும் ஒன்றாகிவிடும். நெடிலுக்குக் குறியிடாத வழக்கத்தில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. தமிழ் தெரிந்த ஆங்கில வாசகர்கூட கொடைக்கானலையோ வெயில்காலத்தையோ நினைப்பார். அதனால் முதல் தடவை ‘கோயில்’ என்பதையும் ‘அம்மன்’ போன்ற தெய்வப் பெயரையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும். எந்தத் தெய்வம் என்பதை எழுத்தாளரிடம் கேளுங்கள். ‘ஆடி’க்கு ஜூலை, ஆகஸ்ட் என்று மாதப் பெயரைப் போடுவதைவிட, ‘ஆடி மாதத்து’ என்று விட்டுவிடுவது இந்தப் பத்திக்குப் போதும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும் சொற்கள் உண்டு. இந்தப் பத்தியில் ‘தோட்டம்’ அப்படி. ‘கார்டன்’ என்று போட்டால் பூச்செடிக்காகக் குடும்பம் பிரிந்ததாக ஆகும். அந்தப் பக்கத்தில் தோட்டம் என்றால் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர் பாயும் விளைநிலம். அதே மாதிரி ‘பொங்கல் வைப்பாள்’ என்றதும் தைப் பொங்கலை நினைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். கோயில் முன்னால் பானை வைத்துப் பொங்குவது என்று வினையில் காட்டிவிடுங்கள். முருங்கைக்காயை இந்திய ஆங்கிலத்தில் ‘டிரம்ஸ்டிக்’ என்போம். வெளிநாட்டு வாசகருக்கு அது கோழிக்கால். உங்கள் பதிப்பாளர் இந்தியாவில் இருக்கிறாரா வெளியிலா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். ‘மொரிங்கா’ இப்போது பல நாட்டில் தெரிந்த சொல்.

திண்ணையைச் சொல்லாகவே விடலாம். வாசலை ஒட்டி உயர்த்திக் கட்டியது என்று ஓர் அடைமொழியில் இழைத்தால் படம் வந்துவிடும். இங்கே ஒரு எல்லை உண்டு. எந்தத் திண்ணைக்கும் பொருந்துவதை மட்டும் சேர்க்கலாம். ‘தூணில் சாய்ந்தபடி’ என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அப்பா சாய்ந்திருந்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. இது இன்னொருவருடைய வாழ்க்கை. அதில் ஒரு தூணைக்கூட நாம் நட்டுவிடக் கூடாது.

மண்ணை வாரித் தூற்றுவதுதான் இந்தப் பத்தியின் உச்சம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாரோ கோபத்தில் மண்ணை எறிந்ததுபோல இருக்கும். ‘சாபமிட்டாள்’ என்று பொருளை மட்டும் சொன்னால் செயல் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். கைநிறைய மண்ணை அள்ளி எறிந்தாள், அந்த வீட்டைச் சபித்துவிட்டுப் போனாள் என்று செயலையும் விளைவையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம். உச்சமான இடத்தில் வாசகரைப் பக்கத்தின் அடிக்கு அனுப்பினால் அவர் திரும்பி வரும்போது சூடு ஆறியிருக்கும்.

‘பிரித்தபோது’ என்பதற்கு எழுவாய் இல்லை என்பதையும் பாருங்கள். யார் பிரித்தது? அப்பாவா, ஊர்ப் பெரியவர்களா? எழுத்தாளர் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுவாய் வேண்டுமே என்று ‘அப்பா பிரித்தார்’ என்று ஆக்கிவிடாதீர்கள். நிலம் பிரிக்கப்பட்டபோது என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் அந்த மௌனம் அப்படியே இருக்கும். அத்தைக்கு எந்த அளவு உரிமை இருந்தது என்பது ஆண்டைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டத் திருத்தம்தான், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமையைக் கொடுத்தது. ஆகவே வருஷம் தெரியாமல், அவள் பங்கைப் பறித்தார்கள் என்கிற மாதிரி வலுவான ஆங்கிலச் சொற்களைப் போடாமல் இருப்பது நல்லது.

எழுத்தாளரிடம் கேட்பது

கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாக அனுப்புங்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் பெரியவர்கள் இன்னொரு கதை சொல்லுவார்கள். அது அருமையாகவும் இருக்கும், ஆனால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. ‘அத்தை உங்கள் அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா? தாத்தா இறந்தது எந்த வருஷம், சுமாராகச் சொன்னாலும் போதும். தோட்டத்தில் கிணறு இருந்ததா? கொடை எந்தச் சாமிக்கு?’ என்று கேளுங்கள். கிடைத்த விடைகளை எல்லாம் மொழிபெயர்ப்புக்குள் திணிக்க வேண்டியதில்லை. சரியான சொல்லைத் தேர்வதற்கு அவை உங்களுக்குத் தேவை.

சோதித்துப் பார்ப்பது

முதல் வரைவை முடித்துச் சில நாள் விட்டுவிட்டு, தமிழைப் பக்கத்தில் வைக்காமல் ஆங்கிலத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே தமிழ் வாக்கியத்தின் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது வினையெச்சத் தொடராக இருக்கும். ‘வாரித் தூற்றிவிட்டுப் போனாள்’ என்பதை ‘ஹேவிங்’ போட்டுக் கோத்திருப்பீர்கள். அதை உடைத்து ‘அண்ட்’ போட்டு இணையுங்கள். அதற்குப் பிறகு தமிழையும் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, விடுபட்டது ஏதாவது உண்டா என்று பாருங்கள்.

அப்புறம் தமிழே தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். நடந்தவற்றை முன்பின் வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். தாத்தா இறந்தது, சண்டை, அத்தை வருஷா வருஷம் வந்தது, இந்தத் தடவை போகாதது என்று அவர் சரியாகச் சொன்னால் காலம் நின்றுவிட்டது. அத்தை சண்டை போட்ட வருஷத்திலேயே தங்கிவிட்டாள் என்று சொன்னால், திரும்பும் கதவு சரியில்லை. சண்டையைக் குழந்தை பார்த்தது என்று சொன்னால், ‘ஆம்’ விழுந்துபோயிருக்கிறது. தெரியாத சொற்களைப் பற்றியும் இப்படியே கேட்கலாம். கொடை என்றால் என்னவென்று தோன்றியது? ‘ஏதோ கோயில் விழா’ என்றால் போதும். அதற்குமேல் இந்தப் பத்தி எதையும் கேட்கவில்லை.

பதிப்பாசிரியருக்கு ஒரு பக்கம்

பிரதியை அனுப்பும்போது கூடவே ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். அதில் நீங்கள் தேர்ந்த எழுத்துக்கூட்டல்கள் இருக்கட்டும். ஆடிக்கு ஒரு ‘ஏ’யா இரண்டா, திண்ணைக்கு எத்தனை ‘என்’ என்பதை முதல் அத்தியாயத்தில் முடிவு செய்துவிட்டால் கடைசிவரை மாறாமல் இருக்கும். ஆட்களின் பெயருக்கு மட்டும் உங்கள் விதியைப் பயன்படுத்தாமல், அந்தக் குடும்பம் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள். தமிழ்ச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடுவதா வேண்டாமா என்பதைப் பதிப்பகத்தின் வழக்கத்துக்கு விடலாம். என் விருப்பம் வேண்டாம் என்பதே. அப்பாவும் அத்தையும் உட்காரும் திண்ணை அவர்களுக்கு விசேஷப் பொருள் இல்லையே.

அதே பக்கத்தில், வேண்டுமென்றே காலம் மாற்றிய இடங்களைப் பக்க எண்ணோடு எழுதிவிடுங்கள். ‘ஐ கேன் ஸ்டில் சீ ஹர்’ வாக்கியத்துக்குப் பின் இரண்டு வாக்கியம் நிகழ்காலம், அடுத்த பத்தியிலிருந்து இறந்தகாலம் என்பது மாதிரி. பிரதி திருத்துபவர்கள் காலம் மாறியிருப்பதைக் கண்டாலே சீராக்கிவிடுவார்கள், அது அவர்கள் வேலை. முதல் படியில் நீங்கள் போட்ட எண்களும் கால வரிசையும் கையில் இருந்தால், இந்தப் பட்டியலை எழுத அதிக நேரம் ஆகாது. பின்னால் வரும் அத்தியாயத்தில் எழுத்தாளர் அதே சண்டையைத் திரும்பச் சொல்லும்போதும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பீர்கள்.